பெண்ணுறுப்பு சிதைப்பு: பல ஆண்டுகள் கழித்தும் தொடரும் வலி, சிறுநீர்ப் பிரச்னை... தழும்பைத் திறக்கும் அறுவை சிகிச்சை என்ன செய்யும்?

சிறுநீர் கழிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெரும்பாலானோருக்கு அரை நிமிடம் கூட ஆகாது. ஆனால் சோமாலியாவில் பிறந்து உலகப் புகழ்பெற்ற மாடலான வாரிஸ் டிரீக்கு, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வரை ஆனதாம். சொட்டு சொட்டாகத்தான் வரும். மாதவிடாய் நாட்களில் வலி தாங்காமல் சுருண்டு விழுவார். 1998ல் வெளியான தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

காரணம், சுமார் ஐந்து வயதில் அவருக்குச் செய்யப்பட்ட பெண்ணுறுப்பு சிதைப்பு. பிறகு லண்டனில் ஓர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு சிறுநீர் தடையில்லாமல் வந்தது.

அது என்ன அறுவை சிகிச்சை? வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா? வலி முழுசா போய்விடுமா? விரிவாகப் பார்ப்போம்.

சோமாலியாவில் என்ன செய்கிறார்கள்?

பெண்ணுறுப்பு சிதைப்பை உலக சுகாதார அமைப்பு நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கிளிட்டோரிஸின் வெளியே தெரியும் பகுதியையோ, அதை மூடியிருக்கும் தோலையோ வெட்டுவார்கள். இரண்டாம் வகையில் அதோடு சேர்த்து உள் உதடுகளையும் வெட்டுவார்கள். குத்துவது, கீறுவது, சூடு வைப்பது போன்ற மற்ற எல்லாம் நான்காம் வகை.

இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசப்போவது மூன்றாம் வகையைப் பற்றி. இதற்கு 'இன்ஃபிபுலேஷன்' என்று பெயர். உதடுகளை வெட்டி, இரண்டு பக்கத்து ஓரங்களையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தைக்காத இடங்களில் முள்ளைக் குத்திச் சேர்ப்பதும், சிறுமியின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப் பல நாள் படுக்க வைப்பதும் உண்டு. புண் ஆறும்போது இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். சிறுநீர்த் துளைக்கும் யோனி வாய்க்கும் மேலே, ஒரு கதவு மாதிரி தழும்புத் தோல் மூடிவிடும். சிறுநீரும் மாதவிடாய் ரத்தமும் வெளியேற கீழே ஒரு சின்னத் துளை மட்டும் இருக்கும். சிலருக்கு அது தீக்குச்சி முனை அளவுதான்.

சோமாலியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 99 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகை சிதைப்புக்கு ஆளானவர்கள். சோமாலியா, சோமாலிலாந்து, ஜிபூட்டி, சூடான் பகுதிகளில்தான் இந்த மூன்றாம் வகை அதிகம். யுனிசெஃப் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் முழுக்க எல்லா வகைகளையும் சேர்த்தால் பாதிக்கப்பட்டவர்கள் 23 கோடிக்கும் மேல்.

சிறுநீர்ப் பிரச்னை ஏன் வருகிறது?

இந்தப் பெண்களில் பெரும்பாலானோருக்குச் சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ பிறவிக் கோளாறு எதுவும் இல்லை. பிரச்னை வெளியே இருக்கிற அந்தத் தோல் மூடிதான்.

சிறுநீர்த் துளையிலிருந்து வேகமாக வரும் சிறுநீர் நேராக வெளியே போக முடியாது. தழும்பின் உட்புறத்தில் மோதி, கீழே தேங்கி, சின்னத் துளை வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். எழுந்து நின்ற பிறகும் உள்ளே மிச்சம் இருக்கும். அது அடுத்த சில நிமிடங்களுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஈரம், நாற்றம், அரிப்பு என்று இது தொடரும்.

தேங்கிய சிறுநீர் கிருமிகளுக்கு வசதியான இடம். அதனால் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. மாத்திரை சாப்பிட்டால் சரியாகும், அடுத்த மாதமே மறுபடி வரும். சிலருக்குத் தழும்புக்கு உள்ளேயே உப்பு படிந்து கல் உருவாகும். மாதவிடாய் ரத்தமும் இதே துளை வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் அதுவும் தேங்கி, கடுமையான வயிற்று வலியைக் கொடுக்கும். பாத்ரூமில் அதிக நேரம் ஆவதால் பள்ளியிலும் வேலை இடத்திலும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அது தொற்றை இன்னும் அதிகமாக்கும்.

இங்கே ஒரு குழப்பமும் வரும். 'சிறுநீர் கசிகிறது' என்று ஒரு பெண் சொன்னால், அது எல்லாமே தழும்பால்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கழித்து முடித்ததும் சில நிமிடம் சொட்டி, பிறகு நின்றுவிட்டால், தழும்புக்குப் பின்னால் தேங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசிந்தால் இடுப்புத் தளத் தசை பலவீனமாக இருக்கலாம். இரவு பகல் பார்க்காமல் எந்நேரமும் கசிந்துகொண்டே இருந்தால் 'ஃபிஸ்டுலா'வாக இருக்கலாம். அதாவது சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். பிரசவம் பல மணி நேரம் தடைபட்ட பெண்களுக்கு இது வரும். இதற்கான அறுவை சிகிச்சையே வேறு. தழும்பைத் திறந்தால் மட்டும் இது சரியாகாது.

தழும்பு இத்தனை வருஷம் கழித்தும் ஏன் வலிக்கிறது?

ஆறிப்போன தழும்பு வலிக்க மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கெலாய்டு. தழும்பு ஆறியும் நிற்காமல் தடித்து வளர்ந்துகொண்டே போகும். உட்காரும்போதும் நடக்கும்போதும் உரசி வலிக்கும். அறுவை சிகிச்சையில் எடுத்தாலும் திரும்ப வளரக்கூடியது என்பதால் மருத்துவர்கள் யோசித்துத்தான் கை வைப்பார்கள்.

இரண்டாவது, கட்டி. தைக்கும்போது தோலின் மேற்புறச் செல்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், அவை அங்கேயே பெருகி ஒரு பை போல வீங்கும். பட்டாணி அளவில் ஆரம்பித்து, பல வருஷங்களில் எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் கூட வளரும். சில பெண்கள் இதைப் புற்றுநோய் என்று நினைத்துப் பயந்துகொண்டே மருத்துவமனைக்கு வருவார்கள். பெரும்பாலும் இது ஆபத்தில்லாத கட்டி. முழுப் பையோடு சேர்த்து எடுத்தால் நல்ல பலன் கிடைக்கும்.

மூன்றாவது, நியூரோமா. இதுதான் அதிகம் கண்டுகொள்ளப்படாமல் போவது. கிளிட்டோரிஸுக்குப் போகும் நரம்பு வெட்டப்பட்டதும், அந்த நரம்பு முனை திரும்ப வளரப் பார்க்கும். வழி கிடைக்காமல் தழும்புக்குள்ளேயே சுருண்டு முடிச்சாகிவிடும். உள்ளாடை உரசினாலே ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்று வலிக்கும். மருத்துவர் பஞ்சு சுற்றிய குச்சியால் தழும்பை மெதுவாகத் தொட்டுக்கொண்டே வருவார். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பெண் துடித்துப்போனால், நியூரோமா மீது சந்தேகம் வரும். அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டதும் வலி மறைந்தால் சந்தேகம் வலுக்கும். முடிச்சை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் உறுதியாகிவிடும்.

ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தால் என்ன நடக்கும்?

இனி, இது மருத்துவமனையில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். பெயர் ஹோதன். வயது 26. மொகதிஷுவில் பிறந்தவர், ஏழு வயதில் மூன்றாம் வகை சிதைப்பு நடந்தது. இப்போது லண்டனில் இருக்கிறார். கல்யாணமாகி நான்கு மாதம்.

மருத்துவரிடம் ஹோதன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருது." சின்ன வயதில் நடந்ததைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. 'சிறுநீர் போக சிரமமா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார். ஏனென்றால் அம்மா, அக்கா, தோழிகள் எல்லோருக்கும் அப்படித்தான். அவருக்கு அதுதான் இயல்பு. அதனால் விவரம் தெரிந்த மருத்துவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்பார்கள். 'சிறுநீர் கழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?' 'நேராக வருமா, சொட்டாக வருமா?' 'மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கும்?' இந்தக் கேள்விகளுக்குத்தான் உண்மையான பதில் வரும்.

இங்கிலாந்தில் இதற்கென்றே தனி கிளினிக்குகள் இருக்கின்றன. 18 வயதைத் தாண்டிய பெண்கள் யாருடைய சிபாரிசுக் கடிதமும் இல்லாமல் நேரடியாகப் போகலாம். மொழிபெயர்க்க ஒரு பெண் இருப்பார். கணவரையோ உறவினரையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே முக்கியமான விதி. லண்டனில் முதல் முறை மருத்துவமனைக்குப் போனபோது மொழிபெயர்க்க வந்த சோமாலி ஆண் ஒருவர், 'இது நம் பண்பாட்டுக்கு எதிரானது' என்று சொன்னதாக வாரிஸ் டிரீயும் எழுதியிருக்கிறார். அந்த விதி ஏன் வேண்டும் என்பது இதிலேயே புரியும்.

அடுத்தது பரிசோதனை. ஹோதனின் தழும்பு, துளையின் அளவு, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் மாதிரியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது தழும்புக்குப் பின்னால் தேங்கி வருவதால், அங்கிருக்கும் கிருமியும் கலந்துதான் பாட்டிலுக்கு வரும். ரிசல்ட்டை அப்படியே நம்ப முடியாது. சாதாரண நோயாளிக்குப் போடுவது போல டியூப் போட்டு எடுக்கலாம் என்றால், சிறுநீர்த் துளையே கண்ணுக்குத் தெரியாது. அதனால் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துவார்கள். கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பதும் உண்டு.

தழும்பை எப்படித் திறக்கிறார்கள்?

இந்த அறுவை சிகிச்சைக்கு 'டீஇன்ஃபிபுலேஷன்' என்று பெயர். எளிமையாகச் சொன்னால், தைத்து மூடியதைத் திறப்பது. திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீர் தேங்குவதற்கும் உலக சுகாதார அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைக்கும் சிகிச்சை இதுதான். பிரசவச் சிக்கல்களைத் தடுக்கவும் இதையே சொல்கிறது.

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் காலை விரித்துப் படுப்பது, ஊசி, கத்தரிக்கோல் இதெல்லாம் சிறு வயதில் நடந்ததை அப்படியே கண்முன் கொண்டுவரும் என்றால், முழு மயக்கமோ முதுகில் போடும் ஊசியோ கேட்கலாம். ஹோதன் அதைத்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நியாயமான கோரிக்கைதான்.

சின்னத் துளை வழியாக மருத்துவர் ஒரு விரலையோ, முனை மழுங்கிய கருவியையோ தழும்புக்கு உள்ளே நுழைத்து, அதை லேசாகத் தூக்கிப் பிடிப்பார். கீழே இருக்கும் சிறுநீர்த் துளைக்கும் மற்ற பாகங்களுக்கும் காயம் படாமல் இருக்கத்தான் இது. பிறகு தழும்பின் நடுக்கோட்டில் கீழிருந்து மேலாக வெட்டுவார். சிறுநீர்த் துளை நன்றாகத் தெரிந்ததும் நிறுத்துவார். அதற்கு மேலே போனால், தழும்புக்கு அடியில் மிச்சமிருக்கும் கிளிட்டோரிஸ் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டலாம்.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். வெட்டிய இரண்டு ஓரங்களையும் அப்படியே விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக, தானாகக் கரையும் நூலால் தைத்துவிடுவார்கள். முன்பு ஒன்றாகத் தைக்கப்பட்ட ஓரங்கள் இப்போது பிரிந்தே இருக்கும்படி தைக்கப்படுகின்றன.

கர்ப்பிணிப் பெண்களுக்கும் இதைச் செய்யலாம். இங்கிலாந்தில் வழக்கமாகக் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில், சுமார் 20 வாரத்தில் செய்கிறார்கள். பிரசவ நேரத்தில் செய்வதும் உண்டு. ஆனால் இரவு நேரத்தில், அனுபவம் இல்லாத மருத்துவர் கையில் போய்விடுமோ என்ற கவலையால், முன்கூட்டியே செய்துவிடுவதைப் பல பெண்கள் விரும்புவார்கள்.

அதன் பிறகு என்ன மாறும்?

முதல் சில நாட்கள் எரிச்சல் இருக்கும். வலி மாத்திரை, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது, அந்த இடத்தை உலர்வாக வைத்துக்கொள்வது போதும். உடலுறவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்திருக்கச் சொல்வார்கள்.

முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்களைப் பயமுறுத்தும் விஷயம் வேறு. திடீரென்று சிறுநீர் வேகமாக, சத்தத்தோடு வரும். சிலருக்குச் சிதறியும் வரும். இத்தனை வருஷம் சொட்டாகப் போனவருக்கு இந்தச் சத்தமே கூச்சத்தைக் கொடுக்கும். பக்கத்து அறைக்குக் கேட்குமே என்று நினைப்பார்கள். அதோடு, இதுவரை மூடியிருந்த மென்மையான உட்பகுதி இப்போது காற்றுபட இருப்பதால் ஈரமாகவும் கூச்சமாகவும் இருக்கும். வெள்ளைப்படுதல் அதிகமானது போலத் தோன்றும். இது எதுவும் கோளாறு இல்லை. சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் காய்ச்சல், சீழ், நிற்காத ரத்தப்போக்கு, ஓரங்கள் மறுபடி ஒட்டுவது போன்றவை இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சூடானில் பிறந்த மருத்துவர் நவால் நூர், அமெரிக்காவின் பாஸ்டனில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட 40 பெண்களின் விவரங்களை 2006ல் வெளியிட்டார். பெரும்பாலானோர் சோமாலிகள். பிறகு பேச முடிந்தவர்களில் 94 சதவீதம் பேர், மற்றவர்களுக்கும் இதைக் கட்டாயம் பரிந்துரைப்போம் என்றார்கள். இன்னொரு விஷயமும் தெரிந்தது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, வெட்டி எடுக்கப்பட்டதாக நினைத்திருந்த கிளிட்டோரிஸ், தழும்புக்கு அடியில் சேதமில்லாமல் இருந்தது.

எல்லாமே சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேங்குவதால் வந்த தொற்றும், சொட்டுவதும் குறையும். ஆனால் வெட்டப்பட்ட உதடுகள் திரும்ப வராது. நியூரோமா இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை தேவை. தொற்று பழையபடியே வந்தால் கல், சர்க்கரை நோய் என்று வேறு காரணம் தேட வேண்டும்.

திரும்பத் தைக்கச் சொன்னால்?

பிரசவத்துக்குப் பிறகு பழையபடி தைத்துவிடச் சொல்லும் வழக்கம், குறிப்பாக சூடானில், பரவலாக இருந்தது. அப்படித் தைத்தால் தேங்கல், தொற்று, வலி எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறை தைக்கும்போதும் தழும்பு இன்னும் தடிக்கும். பிரிட்டனில் இது சட்டப்படி குற்றம். திறந்த பிறகு மறுபடி தைக்க மாட்டோம் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுவார்கள். சூடானும் 2020ல் பெண்ணுறுப்பு சிதைப்பைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

கிளிட்டோரிஸைத் திரும்ப உருவாக்க முடியுமா?

கிளிட்டோரிஸ் என்பது வெளியே தெரியும் சின்ன நுனி மட்டுமல்ல. அதன் பெரும்பகுதி உடலுக்குள் இருக்கிறது. சிதைப்பில் போவது வெளி நுனிதான். பிரான்ஸைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் பியர் ஃபோல்டெஸ் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தார். மேலே இருக்கும் தழும்பை அகற்றி, உள்ளே இருக்கும் தண்டைப் பிடித்திருக்கும் தசைநாரை விடுவித்து, அதை வெளியே கொண்டுவந்து பொருத்தும் முறையை அவர் உருவாக்கினார். பிரான்ஸில் அரசுக் காப்பீடே இதன் செலவை ஏற்கிறது.

1998 முதல் 2009 வரை 2,938 பெண்களுக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகளை 2012ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவரது குழு வெளியிட்டது. ஒரு வருடம் கழித்து வந்தவர்களில் பெரும்பாலானோர், வலி குறைந்ததாக, இல்லையென்றால் அதிகமாகவாவது ஆகவில்லை என்று சொன்னார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து வந்தது 866 பேர்தான். வராத சுமார் 70 சதவீதம் பேருக்கு என்ன ஆனது? அந்த ஆய்வை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத பெண்களின் குழுவும் அதில் இல்லை.

அதனால்தான் மருத்துவ உலகம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பலனுக்கு உறுதியான ஆதாரம் இல்லை, சிக்கல்கள் அதிகம் என்று சொல்லி, இதைச் செய்ய வேண்டாம் என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் ராயல் கல்லூரி 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல். இன்னொரு பக்கம், பெர்லினில் வாரிஸ் டிரீயின் பெயரோடு 2013ல் தொடங்கிய 'டெசர்ட் ஃப்ளவர்' மையம் போன்ற இடங்களில், ஆலோசனையோடு சேர்த்து இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது.

கத்தியால் தீராத வலிக்கு?

தழும்பில் கட்டியும் இல்லை, முடிச்சும் இல்லை, ஆனாலும் வலிக்கிறது என்றால்? வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் இறுகிப்போன இடுப்புத் தளத் தசைகள் காரணமாக இருக்கலாம். உடலுறவின்போது மட்டுமல்ல, சிறுநீர் கழிக்கவும் தசை தளர வேண்டும். அது தளராவிட்டால், தழும்பைத் திறந்த பிறகும் விட்டுவிட்டுத்தான் வரும். இதற்கு பிசியோதெரபிதான் வழி. மூச்சோடு சேர்த்துத் தசையைத் தளர்த்தக் கற்றுத் தருவார்கள். நரம்பு வலிக்கு மரப்பு ஜெல்லும், மருத்துவர் மேற்பார்வையில் நரம்பு வலி மாத்திரைகளும் உண்டு. தூக்கத்தில் அந்த நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மனநல ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இந்தியா, இலங்கையில்?

இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் 'கத்னா' என்ற பெயரிலும், இலங்கையில் முஸ்லிம் சமூகத்தில் ஒரு பகுதியினரிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது. இலங்கையில் இதைச் செய்யும் பெண்ணை 'ஒஸ்தா மாமி' என்பார்கள். இங்கே மூடித் தைக்கும் வழக்கம் இல்லை. பெரும்பாலும் முதல் வகை அல்லது நான்காம் வகைதான். அதனால் திறக்கும் அறுவை சிகிச்சைக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் தழும்பில் வலி, தொட்டாலே கூச்சம், எரிச்சல், உடலுறவின்போது வலி இருக்கலாம். அப்படி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம், 'சின்ன வயசுல எனக்கு இது நடந்திருக்கு' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்னத் தழும்பு என்றால், சொல்லாவிட்டால் மருத்துவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

ஹோதன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருவர் கேட்ட பிறகுதான் சிகிச்சையே ஆரம்பித்தது.